மொட்டை போட்டாச்சு, கேப்ஷனில் சொதப்பாதீங்க

பழனி அடிவாரத்தில் முடி இறக்கி, குளித்து, தலை நிறைய சந்தனம் பூசியதும் முதலில் கை போவது போனுக்குத்தான். போட்டோ நன்றாகவே விழும். சிக்கல் அதற்குக் கீழே எழுதும் இரண்டு வரியில்தான் வரும். தலையைக் கிண்டல் பண்ணவும் வேண்டும், வேண்டுதலைச் சொல்லவும் வேண்டும். பலர் இரண்டில் ஒன்றைத் தொலைத்துவிடுகிறார்கள்.

அதிகம் பார்க்கும் தவறு, வெறும் "நியூ லுக்" என்று போட்டு நிறுத்துவது. சந்தனம் கழுவிப்போன மறுநாள் போட்டோவுக்கு இப்படி எழுதினால் இன்னும் மோசம். நம் ஊரில் அப்பா அம்மா தவறினாலும் மொட்டை போடுவார்கள், சிகிச்சையில் முடி கொட்டியவரும் மழித்துக்கொள்வார். அதனால் லைக் வருவதற்கு முன்பே சித்தி போன் பண்ணி, குரலைத் தாழ்த்தி, "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?" என்பார். ஊரும் வேண்டுதலும் முதல் வரியிலேயே இருக்கட்டும். இன்ஸ்டாகிராமில் நீளமான கேப்ஷனின் பின்பாதி மறைந்துதான் நிற்கும், அதைத் தட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. "பழனி. வேண்டுதல் முடிச்சாச்சு." இவ்வளவு போதும், அதற்குப் பிறகு எவ்வளவு கூத்தும் அடிக்கலாம்.

அடுத்தது, கிண்டல் யார் மேல் விழுகிறது என்று பார்க்காமல் எழுதுவது. அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் முடிக்காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. அதனால் "ஃப்ரீ ஹேர்கட்" என்ற ஜோக் நாக்கு நுனியிலேயே நிற்கும். எழுதாதீர்கள். அது உங்கள் நேர்த்திக்கடனையும் சின்னதாக்குகிறது, நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து மழித்துவிடுகிறவரையும் சின்னதாக்குகிறது. "முருகன் டீலை முடிச்சுட்டார், நானும் செட்டில் பண்ணிட்டேன்" என்பதும் அப்படித்தான், வேண்டுதல் வியாபாரமாகிவிடும். சாமியைக் கேலி பண்ணவே கூடாது என்று சொல்லவில்லை. நிந்தாஸ்துதி என்று தனி வகையே வைத்திருக்கிறவர்கள் நாம். "ஆண்டி கோலத்துல நிக்கிறவர், என்னையும் கூட்டுச் சேர்த்துக்கிட்டார்" என்று எழுதினால் அதில் உரிமை தெரியும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சந்தேகமாக இருந்தால் உங்கள் தலையையே பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே சரக்குக்குப் பஞ்சமில்லை. நெற்றி வெயிலில் கறுத்திருக்கும், அதற்கு மேல் எல்லை போட்டது மாதிரி வெளுப்பு. சின்ன வயதில் விழுந்த தழும்பு வெளியே வரும். இதுநாள் வரை முடிக்குள் ஒளிந்திருந்த காது திடீரென்று பெரிதாகத் தெரியும். நாலைந்து நாளில் முள் முளைத்ததும் பனியன் கழற்றும்போது தலையில் மாட்டும். இதெல்லாம் பொதுவான "மொட்டை பாஸ்" வகை வரிகளைவிட நன்றாக எடுபடும், ஏனென்றால் இது உங்கள் தலை மட்டுமே.

எனக்குப் பெரிதாகப் படுவது மூன்றாவது தவறு: அடுத்தவர் கதையை அவிழ்த்துவிடுவது. வேண்டுதல் பெரும்பாலும் இன்னொருவருக்காகத்தான் இருக்கும். ஒரு தாய்மாமன், தங்கைக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனதற்காக மொட்டை போட்டார் என்று வையுங்கள். குழந்தைக்கும் முதல் மொட்டை, மாமன் மடியில். அவர் எழுத வருவது இப்படி இருக்கும்: "ஏழாம் மாசமே வலி வந்து, குழந்தை இன்குபேட்டர்ல இருந்து, டாக்டரே கைவிரிச்சப்போ முருகன்தான் காப்பாத்தினார். இப்போ ரெண்டு பேரும் மொட்டை பாஸ்!"

இதில் உருக்கம் இருக்கிறது, ஆனால் பாதி தங்கையின் ஆஸ்பத்திரிக் கோப்பு. கண்ணீரிலிருந்து ஒரே தாவலில் ஜோக்குக்குப் போவதும் ஒட்டவில்லை. விவரத்தைக் கழித்து, கிண்டலை நடுவில் வைத்து, நன்றியைக் கடைசிக்குத் தள்ளினால்:

"பழனி. மருமகனுக்காக வேண்டிக்கிட்டது, இன்னிக்கு முடிச்சேன்.
அவன் அழுதான், நான் அழலை. ஆனா மொட்டை அவனுக்குத்தான் எடுப்பா இருக்கு.
முருகா, இவனை இப்படியே சிரிக்க வச்சிரு."

என்ன ஆபத்து இருந்தது என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு மாமனும் மருமகனும் போதும். போடுவதற்கு முன் தங்கையிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும், குழந்தையின் முகம் அதில் இருப்பதால்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். "சன்னதியிலிருந்து லைவ்" என்று அளக்காதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பழனி மலைக்கோயிலில் செல்போனுக்குத் தடை. அடிவாரத்தில் எடுத்ததை அடிவாரம் என்றே எழுதலாம். எடுக்கும்போது பின்னால் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கத்தி வைத்ததும் வீறிட்டு அழும் யாரோ ஒருவர் பிள்ளை உங்கள் போட்டோவுக்குள் வர வேண்டியதில்லை. அந்த அழுகையை எப்போது போடலாம் என்பதை அவனைப் பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.