முந்திப் போன ட்ரான்ஸ்போர்ட்: எஸ்ஏபி அமைவு மாற்றங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலபோக அறுவடை முடிந்து, கிளிநொச்சிப் பக்கத்து வீதிகளிலெல்லாம் நெல்லுக் காயும் நாட்களில் ஒரு நெல் கொள்வனவு நிறுவனத்தின் எஸ்ஏபி அமைவுகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் வெறும் இரண்டு சின்ன மாற்றங்கள் விவசாயிகளின் காசுத் திகதியைக் குழப்பிவிட்டன. இரண்டும் டெவலப்மென்ரில் சரியாக இருந்தன, ரெஸ்டிலும் சரியாக இருந்தன. லைவுக்குப் போன பிறகுதான் பிழைத்தன.

விவசாயிகளுக்கான கொடுப்பனவு நிபந்தனைக்கு ZNEL என்று பெயர் வைத்திருந்தோம். OBB8 திரையில் அது ஒரே ஒரு வரி. காசு கொடுக்க 14 நாள், அந்த நாட்கள் எண்ணத் தொடங்குவது அலுவலகத்தில் பில்லைக் கணக்கில் பதிந்த திகதியிலிருந்து. திங்கட்கிழமை நான் 14 நாளை 7 ஆக்கி, DEVK900412 என்ற ட்ரான்ஸ்போர்ட் ரிக்குவெஸ்டில் பதிந்து ரிலீஸ் செய்தேன். புதன்கிழமை என்னோடு வேலை செய்த தம்பி, நாட்கள் தராசுச் சிட்டையின் திகதியிலிருந்தே எண்ணப்பட வேண்டும் என்று அதே வரியை மாற்றி, DEVK900415 இல் ரிலீஸ் செய்தார். பதிகிறவர்கள் பிந்தினால் விவசாயி ஏன் காத்திருக்க வேண்டும் என்பது அவருடைய நியாயம்.

தம்பியின் மாற்றத்துக்கு வெள்ளிக்கிழமையே அனுமதி கிடைத்து, அது லைவுக்குப் போனது. என்னுடையதற்கு நிருவாகம் பத்து நாள் யோசித்தது. பிறகு அதையும் ஏற்றினோம்.

முதலாவது தவறு இந்த இடத்தில்தான் நடந்தது. ரிக்குவெஸ்ட் என்பது நாங்கள் செய்த மாற்றத்தைக் கட்டிவைத்த பொதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமைவு மாற்றங்களில் அது அப்படி வேலை செய்வதில்லை. சேமிக்கும்போது ரிக்குவெஸ்டில் பதிவது அந்த வரியின் திறவு மட்டுமே, அதாவது “T052 அட்டவணையில் ZNEL வரி” என்ற குறிப்பு. ரிலீஸ் செய்யும் கணத்தில் அந்த வரி எப்படி இருக்கிறதோ அப்படியே முழு வரியும் கோப்பாக எழுதப்படும். யார் எந்தக் கட்டத்தை மாற்றினார் என்ற கணக்கே அதில் கிடையாது. நிரல்களைத் திருத்தினால் ரிக்குவெஸ்ட் அவற்றைப் பூட்டி வைத்திருக்கும், இன்னொருவர் தன் ரிக்குவெஸ்டில் அவற்றைத் தொட முடியாது. அமைவு வரிகளுக்கு அந்தப் பூட்டும் இல்லை.

ஆகவே தம்பியின் ரிக்குவெஸ்டுக்குள் என்னுடைய 7 நாளும் ஏறியிருந்தது. அதை ஏற்றிய வெள்ளிக்கிழமையே, நிருவாகம் இன்னும் சம்மதிக்காத 7 நாள் லைவில் ஓடத் தொடங்கியது. என் ரிக்குவெஸ்டிலோ திங்கட்கிழமை வரி கிடந்தது: 7 நாள், ஆனால் பழைய பதிவுத் திகதி. அது பத்து நாள் கழித்து ஏறியபோது தம்பியின் திருத்தத்தை அழித்துவிட்டுப் போனது.

மார்ச் 3 இல் நெல்லு நிறுத்து, பில் 7 ஆம் திகதி பதியப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுமதித்தபடி தம்பியின் திருத்தம் மட்டும் ஏறியிருந்தால், 14 நாளுக்குக் காசு மார்ச் 17 இல் போக வேண்டும். 7 நாளும் கூடவே ஏறியதால் அது 10 ஆம் திகதியே போகும், காசாளர் தலையில் கை வைப்பார். என்னுடையது ஏறிய பிறகு பதியும் பில் என்றால் கணக்கு 7 ஆம் திகதியிலிருந்து தொடங்கி 14 இல் முடியும். இரண்டு மாற்றமும் சேர்ந்து 10 இல் கிடைத்திருக்க வேண்டிய காசு நாலு நாள் பிந்துகிறது. விதைநெல் கடனுக்குத் தவணை சொல்லிவிட்டு வந்தவருக்கு அது சின்னப் பிழை இல்லை.

ரெஸ்டில் ஏன் இது பிடிபடவில்லை? அங்கே 412 முதலில், 415 பிறகு என்று ரிலீஸ் ஆன ஒழுங்கிலேயே ஏறின. கடைசியில் நின்ற வரி சரியானது. லைவில் அனுமதி கிடைத்த ஒழுங்கில் ஏற்றியதால் முன்பின் மாறிவிட்டது. நாங்கள் ரெஸ்டில் பார்த்த ஒழுங்கு ஒன்று, லைவில் ஓடவிட்ட ஒழுங்கு இன்னொன்று.

அடுத்த தவறு, ஏற்றி முடிந்ததும் வரும் ரிட்டேர்ன் கோடை நம்பியது. “அண்ணை, ரெண்டுக்கும் பூச்சியம்தானே வந்தது” என்றார் தம்பி. உண்மைதான். 0 என்றால் ஏற்றும் வேலை பிரச்சினை இல்லாமல் முடிந்தது, 4 என்றால் எச்சரிக்கை, 8 என்றால் பிழை. பழைய வரி புதிய வரியை மிதித்தது எஸ்ஏபியைப் பொறுத்தவரை ஒரு பிழையே அல்ல. ஏற்றியதும் லைவில் அந்த வரியைத் திறந்து கண்ணால் பார்த்து, ஒரு பில்லின் கொடுப்பனவுத் திகதியைக் கையால் எண்ணிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இப்போது எதையும் ரிலீஸ் செய்ய முன் அதே வரி வேறு ரிக்குவெஸ்டுகளில் இருக்கிறதா என்று டெவலப்மென்ரில் தேடுகிறேன்:

```
SE16 → E071K
OBJNAME = T052
TABKEY  = 100ZNEL*
```

100 என்பது எங்கள் கிளையன்ற் எண், நீங்கள் உங்களுடையதைப் போடுங்கள். விடையில் லைவுக்கு இன்னும் போகாத வேறொரு ரிக்குவெஸ்ட் வந்தால், இரண்டையும் ஒன்றாகவே அனுமதிக்கு அனுப்ப வேண்டும். நிருவாகம் சம்மதிக்காவிட்டால் சம்மதிக்காத மாற்றத்தை டெவலப்மென்ரில் பழையபடி ஆக்கிவிட்டு, அதன் பிறகு மற்றதை ரிலீஸ் செய்ய வேண்டும். பிந்திய ஒன்றைத் தனியாக முந்தி ஏற்றியே ஆகவேண்டும் என்றால், STMS திரையில் ஏற்றும்போது “Leave Transport Request in Queue for Later Import” என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அது வரிசையில் தன் இடத்திலேயே நிற்கும். பிறகு முழு வரிசையையும் ஏற்றும்போது பழையதற்குப் பின்னால் மறுபடி ஏறி, வரி சரியாக முடியும். ஆனால் அனுமதியில்லாத 7 நாள் கூட வருவதை இது தடுக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆவண எண் வீச்சுகளை ட்ரான்ஸ்போர்ட்டில் அனுப்பாதீர்கள். வீச்சின் எல்லைகளோடு டெவலப்மென்ரில் நிற்கும் கடைசி எண்ணும் சேர்ந்தே போகும். லைவில் பல்லாயிரம் வரை போன எண்ணிக்கை நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கினால், ஏற்கனவே பாவித்த எண்களே திரும்ப வரும். இதை ஒவ்வொரு சிஸ்டத்திலும் கையால் அமைப்பதுதான் வழக்கம்.

எங்கள் குழப்பத்தைத் தீர்க்க, 412 ஐ இன்னொரு முறை ஏற்றிப் பார்க்கலாமே என்று ஒருவர் கேட்டார். அதற்குள் இருப்பது எப்போதும் அந்தத் திங்கட்கிழமை வரிதான். 415 ஐ மறுபடி ஏற்றியிருக்கலாம், ஆனால் அதற்கிடையில் வேறு யாரும் வரியைத் தொட்டார்களா என்று எங்களுக்கு நிச்சயமில்லை. OBB8 இல் ZNEL வரியைத் தெரிவுசெய்து, மெனுவில் Transport போய், Include in Request மூலம் புதிய ரிக்குவெஸ்டில் சேர்த்து ரிலீஸ் செய்தோம். 7 நாள், சிட்டைத் திகதி. ரெஸ்டில் ஏற்றி, பார்த்து, லைவுக்கு அனுப்பினோம்.

அதோடு முடியவில்லை. பில் பதியும்போதே நாட்களும் தொடக்கத் திகதியும் அந்தப் பில்லுக்குள் எழுதப்பட்டுவிடும். அமைவைத் திருத்தினாலும் பதிந்து முடிந்த பில்கள் மாறா. இடைப்பட்ட நாட்களில் பதிந்த காசு போகாத பில்களையெல்லாம் தராசுச் சிட்டைகளோடு ஒப்பிட்டு, FB02 இல் ஒவ்வொன்றாகத் திறந்து திகதி மாற்றினோம். அன்றைக்கு இரவு கரண்டும் போயிட்டுது. மிச்சத்தை அடுத்த நாள் காலையில்தான் முடித்தோம்.