மீண்டும் திறக்கப்படும் பணிகளை எண்ணுவது எப்படி?

‘முடிந்தது’ என்று மூடிய பணி சில நாட்களில் திரும்பி வந்தால், முதலில் நிரலாளரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பல நேரங்களில் அது அநியாயம். என்ன செய்ய வேண்டும் என்பதே சரியாக எழுதப்படாமல் இருந்திருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், மூடிய பணிகளில் எத்தனை திரும்பி வந்தன என்று எடுக்கும் சதவீதத்தால் எந்தப் பயனும் இல்லை. பணிகளைப் பதிந்து பின்தொடர உதவும் ஜிரா மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு குழு இதை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

படி 1: எந்த மாதத்தை எடுப்பது

ஜூனில் மூடிய பணி ஜூலையிலும் திரும்பி வரலாம். எனவே ஜூன் கணக்கை ஆகஸ்ட் தொடக்கத்தில் எடுங்கள். அப்போது ஜூன் கடைசி நாளில் மூடிய பணிக்கும் 30 நாள் அவகாசம் கிடைத்திருக்கும். ஜூலையில் திரும்பி வந்தவற்றை ஜூலையில் மூடியவற்றால் வகுப்பது பலர் செய்யும் பிழை. அந்த இரண்டும் வெவ்வேறு பணிகள்.

படி 2: தேடல்

முதலில், இரண்டு மாதங்களுக்கு முன் மூடப்பட்டவை:

```
status CHANGED TO Done DURING (startOfMonth(-2), endOfMonth(-2))
```

அடுத்து, அவற்றில் திரும்பி வந்தவை:

```
status CHANGED TO Done DURING (startOfMonth(-2), endOfMonth(-2))
AND status CHANGED FROM Done TO "In Progress" AFTER startOfMonth(-2)
```

நிலைகளின் பெயர்கள் குழுவுக்குக் குழு மாறும். உங்கள் பலகையில் உள்ள பெயர்களைப் போடுங்கள். `TO` பகுதியை விட்டுவிடாதீர்கள். விட்டால், ‘முடிந்தது’ நிலையிலிருந்து ‘வெளியிடப்பட்டது’ நிலைக்குப் போன நல்ல பணிகளும் கணக்கில் சேர்ந்துவிடும். மே மாதத்தில் மூடி, ஜூனில் திறந்து, ஜூனிலேயே மறுபடி மூடியவையும் இந்தப் பட்டியலில் வரும். ஒவ்வொன்றின் மாற்ற வரலாற்றையும் திறந்து, அவற்றையும் 30 நாள் கடந்து திறக்கப்பட்டவற்றையும் நீக்குங்கள்.

படி 3: ஒவ்வொரு திறப்புக்கும் காரணம் குறிப்பது

உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. கொழும்பில் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் பதிவுச் செயலி செய்யும் குழுவை எடுத்துக்கொள்வோம். பணியில் எழுதியிருப்பது ஒரே வரி: ‘அடையாள அட்டை எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.’ நிரலாளர் 12 இலக்கங்களை ஏற்கும்படி செய்தார். சோதித்தவர் தன்னுடைய புதிய அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்தார், வேலை செய்தது, மூடினார். பிறகு வெள்ளவத்தைக் கிளையிலிருந்து முறைப்பாடு வந்தது: பெரியவர் ஒருவரைப் பதிய முடியவில்லை. அவரிடம் இருப்பது 2016க்கு முந்தைய அட்டை. 9 இலக்கங்கள், கடைசியில் V. பணி திறக்கப்பட்டது.

இதை யார் கணக்கில் எழுதுவது? ஒரே கேள்வி போதும்: இப்போது கேட்பது, மூடிய நாளில் பணியில் எழுதப்பட்டிருந்ததா? இல்லை. ஆகவே காரணம் ‘தேவை தெளிவில்லை’.

இப்போது பணியில் ‘9 இலக்கங்கள், கடைசியில் V அல்லது X’ என்று சேர்த்தார்கள். திருத்தி மூடிய பின், X உள்ள எண்ணைச் செயலி ஏற்கவில்லை என்று மறுபடி திறந்தார்கள். இந்த முறை எழுதியிருந்தது, செய்யப்படவில்லை. காரணம் ‘வேலைத் தரம்’. ஒரே பணி, இரண்டு திறப்புகள், இரண்டு காரணங்கள். தேடல் இதை ஒன்றாகவே காட்டும். அதனால்தான் காரணத்தைப் பணிக்கு அல்லாமல் திறப்புக்குக் குறிக்கிறோம்.

இன்னும் இரண்டு காரணங்கள் வரும். ஒன்று, மூடிய பின் தோன்றிய புதிய விருப்பம். அதற்குப் புதிய பணிதான் சரி. மற்றது, கைதவறி மூடியது. இரண்டையும் கணக்கிலிருந்து விடுங்கள்.

படி 4: கணக்கும் அதன் பொருளும்

அந்தக் குழு ஜூனில் 80 பணிகளை மூடியது, 10 திரும்பின என்று வைப்போம். ஒன்று புதிய விருப்பம், ஒன்று கைதவறியது. மீதி 8, அதாவது 10 சதவீதம். அந்த 8 பணிகளில் 10 திறப்புகள் இருந்தன: ஏழு தெளிவில்லாத தேவையால், மூன்று வேலைத் தரத்தால். இந்தக் குழுவுக்குக் கூடுதல் சோதனையாளர் வைத்தால் பெரிய மாற்றம் வராது. சோதிப்பவரும் அதே ஒற்றை வரியைத்தான் படிக்கிறார். அந்த ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை பெயர், முகவரி, அடையாள எண் போன்ற படிவக் கட்டங்களாக இருந்தால், தேவையை எழுதுபவரிடம் ஒன்று கேளுங்கள்: ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏற்க வேண்டிய இரண்டு உதாரணம், மறுக்க வேண்டிய இரண்டு உதாரணம். எண்ணிக்கை தலைகீழாக, வேலைத் தரமே மிகுதியாக இருந்திருந்தால், மூடுவதற்கு முன் நடக்கும் சோதனையைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த மாதம் 8 என்பது 6 ஆனால் முன்னேற்றம் என்று அறிவிக்காதீர்கள். இவ்வளவு சிறிய எண்கள் தாமாகவே ஏறி இறங்கும். மூன்று, நான்கு மாதங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

இந்தச் சதவீதத்தை ஆள்வாரியாக எடுக்கவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். எடுத்தால், பழைய பணியைத் திறப்பதை நிறுத்திவிட்டு அதே குறைக்குப் புதிய பணி போடத் தொடங்குவார்கள். சதவீதம் சட்டென்று விழுந்த மாதத்தில், அந்த மாதம் மூடிய பணிகளோடு இணைக்கப்பட்ட புதிய பிழைப் பதிவுகள் கூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். கூடியிருந்தால், அவற்றையும் திறப்புகளாகவே எண்ணுங்கள்.