பழைய கடைக் கம்ப்யூட்டரில் கணக்கு சாஃப்ட்வேர்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேரளாவில், கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஹார்டுவேர் கடை. சரக்கு தமிழ்நாட்டுப் பொள்ளாச்சியிலிருந்து வருவதால் கொள்முதல் பில்லெல்லாம் ஐ.ஜி.எஸ்.டி.யில்தான் இருக்கும். அதற்காக ஒரு கணக்கு சாஃப்ட்வேருக்கு வருட லைசென்ஸ் கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். "4 ஜி.பி. ராம் கேட்டாங்க, நம்மகிட்ட 4 இருக்குதுங்களே" என்றார் கடைக்காரர். இன்ஸ்டால் செய்யப் போனால் திரையில் `This app can't run on your PC` என்று வந்து நின்றுவிட்டது.

ராமை மட்டும் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. செட்டிங்ஸில் `System`, அதற்குள் `About` போய்ப் பார்த்தோம். `System type` வரியில் இப்படி இருந்தது:

```
32-bit operating system, x64-based processor
```

அவர் வாங்கிய சாஃப்ட்வேர் 64 பிட் விண்டோஸில் மட்டுமே ஓடும். வரியின் பின்பாதி நல்ல சேதி, பிராசஸர் 64 பிட்டைத் தாங்கும். முன்பாதிதான் சிக்கல், அதில் போட்டிருக்கும் விண்டோஸ் 32 பிட். 32-ஐ அப்டேட் செய்து 64 ஆக்க முடியாது. புதிதாகத்தான் விண்டோஸ் போட வேண்டும். அப்போது சி டிரைவில் உள்ளதெல்லாம் போய்விடும். பழைய பில்லிங் டேட்டா பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும், அதனால் முதலில் பென்டிரைவில் எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். அப்புறம் பிரிண்டர். 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் வேலை செய்யாது. பில் அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸுக்கு 64 பிட் டிரைவர் கிடைக்கிறதா என்று முன்னமே தேடிப் பாருங்கள். இந்தக் கடையில் கிடைத்தது.

சரி, 64 பிட் விண்டோஸ் 10 போட்டால் முடிந்ததா? அடுத்த தவறு இங்கேதான். "ஓடுது" என்பது வேறு, "சப்போர்ட் இருக்கு" என்பது வேறு. விண்டோஸ் 7-க்கான வழக்கமான அப்டேட் 2020 ஜனவரி 14-லும், 10-க்கானது 2025 அக்டோபர் 14-லும் நின்றுவிட்டன. 10-ல் தனியாகப் பதிவு செய்துகொண்ட மெஷின்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் நீட்டிப்பு உண்டு, அதுவும் `22H2` பதிப்புக்குத்தான். விண்டோஸ் கீயும் R-உம் சேர்த்து அழுத்தி `winver` என்று அடித்தால் எந்தப் பதிப்பு என்று தெரியும்.

அப்டேட் நின்றால் அன்றைக்கே கணக்கு நின்றுவிடாது, அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஜி.எஸ்.டி. தளத்தைத் திறக்கப் பிரவுசர் வேண்டும். குரோம் விண்டோஸ் 7-ல் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. வங்கியும் ஜி.எஸ்.டி.யும் ஒரே மெஷினில் பார்க்கிற கடைக்கு அது ஆபத்து.

விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் பழைய மெஷின் பெரும்பாலும் தாங்காது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசஸரும் கேட்கும். அந்தக் கடையில் இருந்தது 4-ஆம் தலைமுறை. அதனால் 64 பிட் விண்டோஸ் 10 போட்டு, நீட்டிப்பில் பதிவு செய்து, அது முடிவதற்குள் புது மெஷினுக்குக் காசு ஒதுக்கச் சொன்னேன். லைசென்ஸை அதற்கு மாற்றலாமா என்று சாஃப்ட்வேர் விற்றவரிடம் அன்றே கேட்டு எழுதி வாங்கிக் கொண்டார்.