குழாய்த் தண்ணீரை நம்பி மீனை ஐஸ் விட வைக்காதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். நாட்டுப்படகு கொண்டுவரும் மீன் விலையைக் கேட்டாலே கை பின்வாங்கும். அதனால் பாம்பன், மண்டபம் பக்கம் பலர் வீட்டில் தடைக்கு முந்தைய வாரமே சீலாவும் சூரையும் ஃபிரீசருக்குள் போய்விடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தவறுகள் எல்லாம் அந்த மீனை வெளியே எடுக்கும்போது நடக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், காலை ஏழு மணிக்கு ஒரு கிலோ சூரைத் துண்டுகளைக் கட்டியாகவே தட்டில் போட்டுச் சமையல் மேடையில் வைத்தேன். பன்னிரண்டு மணிக்குக் குழம்பு கொதித்தது. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் என் மாமியாருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. எனக்குத் தலைவலி, நாக்கு நுனியில் மிளகைக் கடித்ததுபோல் ஓர் எரிச்சல். "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் அவர். ஐம்பது வருடமாக ஒத்துக்கொண்ட மீன் அன்றைக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளாமல் போனது?

சூரை, சீலா, கானாங்கெளுத்தி, சாளை ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஒவ்வாமை வந்தால் நம் உடம்பு சுரக்கும் அதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் சிவப்பும் அரிப்பும். ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் மீண்டும் உறையவைத்தாலும் அது அழியாது. மஞ்சளும் கல்லுப்பும் போட்டுக் கழுவினாலும் போகாது. மூக்கையும் நம்ப முடியாது, ஏனென்றால் நாற்றம் எழும் முன்பே ஹிஸ்டமின் கூடியிருக்கலாம். ஃபிரீசரின் குளிரில் பாக்டீரியா அடங்கிவிடும். ஆனால் அது ஏற்கெனவே உண்டாக்கி வைத்த நொதி சதைக்குள்ளேயே இருக்கும். ஐஸ் விட்டுச் சூடேறியதும் அந்த நொதி விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். எங்கள் சூரையில் கோளாறு படகிலேயே தொடங்கியதா, என் மேடையில்தான் நடந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் ஐந்து மணி நேரம் மேடையில் வைத்து அதற்குத் துணைபோனது நான்தான்.

பிறகு பேனா போன்ற ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கி, அதேபோன்ற கட்டி ஒன்றை மேடையில் வைத்து அளந்து பார்த்தேன். சமையலறை 34 டிகிரி செல்சியஸ். இரண்டு மணி நேரம் கழித்து ஓரத் துண்டு 15 டிகிரி. நடுவில் கம்பியே இறங்கவில்லை, இன்னும் ஐஸ். நான்கு மணி நேரத்தில் ஓரம் 26, நடு 3. "நடுவில் இன்னும் ஐஸ் இருக்கிறது, கெட்டிருக்காது" என்று நாம் சொல்லும் சமாதானத்தின் ஓட்டை இங்கேதான். நடுத்துண்டு இளகக் காத்திருக்கும்போது ஓரத்துண்டு வீணாகிக்கொண்டிருக்கிறது. 5 முதல் 60 டிகிரி வரை பாக்டீரியா பெருகும் எல்லை. இந்த எல்லைக்குள் உணவு மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுற்றுப்புறம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் கடற்கரையில் கோடைப் பகலில் எந்தச் சமையலறை 32-க்குக் கீழே இருக்கிறது? ஆகவே மேடை என்ற வழியை நாம் மறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்த தவறு, விவரம் தெரிந்தவர்களே செய்வது. "குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்" என்ற குறிப்பைப் படித்துவிட்டுக் குழாயைத் திறக்கிறோம். அந்தக் குறிப்பின் தண்ணீர் 21 டிகிரி அல்லது அதற்கும் கீழே. மாடித் தொட்டியிலிருந்து வரும் எங்கள் குழாய்த் தண்ணீரை மே மாதம் காலை பத்து மணிக்கு அளந்தேன்: 33. மதியம் அதில் கை கழுவினாலே சுடும். உறைந்த மீன் போட்டதும் தண்ணீர் கொஞ்சம் குளிரும் என்பது உண்மைதான். ஆனால் அரை மணிக்கு ஒருமுறை புதுத் தண்ணீர் மாற்றும்போது மீனுக்குப் புதுச் சூட்டையே கொடுக்கிறோம்.

இதற்கு ஐஸ் பிளாண்ட் வரை போக வேண்டாம். ஃபிரிட்ஜில் மூன்று ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர் இருந்தால் போதும். அதோடு இரண்டு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கலந்தால் ஏறக்குறைய 17, 18 டிகிரி வரும். அரைக் கிலோ மீனைக் கசியாத பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, முழுதாக முங்கும்படி வையுங்கள். பை கசிந்தால் மீன் தண்ணீரை உறிஞ்சிச் சப்பென்று ஆகிவிடும். அரை மணியில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அரைக் கிலோ சுமார் ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். அதற்கு அடுத்த மாற்றத்துக்கும் பாட்டில் தேவை என்பதால் ஆறு பாட்டில் நிரப்பி வைப்பது நல்லது. வாங்கிய ஐஸ் போடுவதென்றால் அது குடிநீரில் உறையவைத்ததா என்று தெரியாது. பை கசியாமல் இருப்பது அப்போது இன்னும் முக்கியம். இப்படி இளக வைத்ததை உடனே சமைக்க வேண்டும், சமைக்காமல் திரும்ப ஃபிரீசருக்குள் வைக்கக் கூடாது. வெந்நீர் ஊற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஓரம் பாதி வெந்து, நடு கல்லாகவே இருக்கும்.

பாதுகாப்பானது ஃபிரிட்ஜ்தான். ஆனால் அங்கும் 4 டிகிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் பத்து முறை கதவைத் திறக்கும் வீட்டில் மேல் தட்டு 9, 10 வரை போவதை நானே அளந்திருக்கிறேன். மீனைக் கீழ்த் தட்டில், விளிம்புள்ள பாத்திரத்தில் வையுங்கள். வடியும் நீர் அடியிலிருக்கும் தயிர்மீதோ சட்னிமீதோ சொட்டக் கூடாது. தட்டையான அரைக் கிலோ பை இரவு ஒன்பது மணிக்கு இறக்கினால் காலையில் தயார். உருண்டையாக உறைந்த ஒரு கிலோ மதியம்கூட இளகியிருக்காது. பொறுமையிழந்து அதைத்தான் மேடைக்குக் கொண்டுவருகிறோம். ஆகவே உறையவைக்கும்போதே இரண்டு விரல் தடிமனுக்குப் பரப்பிவிடுங்கள். ஃபிரிட்ஜில் இளகியது ஒன்றிரண்டு நாள் தாங்கும். திட்டம் மாறினால் சமைக்காமலே திரும்ப உறையவைக்கலாம்; பதம் மட்டும் கொஞ்சம் குறையும்.

ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும் ஹிஸ்டமின் தொல்லை இல்லை, ஆனால் வெப்பக் கணக்கு அதேதான். கீழக்கரைத் தோழி ஒருத்தி பக்ரீத் கறியை மூன்று கிலோ கட்டியாக உறையவைத்துவிட்டு, விருந்துக்கு முதல் நாள் மாலை இறக்கினாள். இரண்டரைக் கிலோவுக்கே ஒரு முழு நாள் வேண்டும்; மூன்று கிலோவுக்கு ஒன்றரை நாள் என்று வைத்துக்கொள்ளலாம். பிரியாணிக்கு நேரமாகிவிட, அரிவாளால் வெட்டிப் பிரித்தார்கள்.

இரவே இறக்க மறந்துவிட்டால் எங்கள் வீட்டில் இப்போது ஐஸ் விடுவதே இல்லை. தட்டையாக உறைந்த சீலாத் துண்டுகளைப் பிரித்து, கொதிக்கும் புளிக்குழம்பில் அப்படியே போடுகிறோம். வழக்கமாகப் பத்து நிமிடம் என்றால் பதினைந்து நிமிடம். தடித்த துண்டின் நடுவில் தெர்மாமீட்டர் 63 டிகிரி காட்டியதும் இறக்கிவிடலாம். பொரிப்பதற்கு மட்டும் இது ஆகாது, எண்ணெய் தெறிக்கும்.