ஊசி 9 மணிக்கு, ஆனால் எந்த ஊர் 9 மணி?

மகளின் பிரசவத்துக்காக ஜூன் மாதம் மார்த்தாண்டத்திலிருந்து நியூ ஜெர்சிக்குப் புறப்படும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். இரவு 9 மணிக்கு கிளார்ஜின் இன்சுலின் ஊசி, சாப்பாட்டோடு மெட்ஃபார்மின், காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. எல்லாவற்றுக்கும் ஃபோனில் அலாரம் வைத்தாயிற்று. அப்படியே விமானம் ஏறுவதுதான் முதல் தவறு.

ஃபோனில் நேரம் இரண்டு விதமாக இருக்கும். கடிகார ஆப்பில் வைக்கும் அலாரம் பெரும்பாலும் மிதக்கும் நேரம். ஃபோன் எந்த ஊர் நேரத்தைக் காட்டுகிறதோ, அந்த ஊர் 9 மணிக்கு அடிக்கும். Google Calendar-ல் நேரம் குறித்துப் போடும் நிகழ்வு நிலையான நேரம். இந்திய நேரம் இரவு 9 என்று போட்டால், உலகின் எந்த மூலையில் இருந்தாலும் அதே கணத்தில்தான் அடிக்கும். நியூ ஜெர்சியில் அப்போது கோடைக்காலமாக இருந்தால் காலை 11:30.

தைராய்டு மாத்திரைக்கு மிதக்கும் நேரமே போதும். அந்த மருந்து உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால் ஒன்பதரை மணி நேரம் தள்ளிப்போவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அங்கே விடிந்ததும் வெறும் வயிற்றில் போட்டால் சரி. மெட்ஃபார்மினும் சாப்பாட்டின் பின்னால் போகிற மாத்திரை, அங்கே எப்போது சாப்பிடுகிறார்களோ அப்போது. கிளார்ஜின் அப்படியல்ல. ஒரு ஊசி ஏறத்தாழ 24 மணி நேரம் வேலை செய்யும். அதற்கு ஊர் முக்கியமில்லை, போன ஊசி போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதுதான் கணக்கு.

அந்த ஊசியை மிதக்கும் அலாரத்தில் விட்டால் என்ன நடக்கும்? வீட்டில் இரவு 9-க்குப் போட்டுவிட்டு, விடியற்காலை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறார். வழியில் ஃபோனை அணைத்தே வைத்திருந்து, நியூ ஜெர்சிக்குப் பக்கத்தில் அதே நேரம் ஓடும் நியூயார்க்கில் இறங்கி ஆன் செய்தால், அடுத்த அலாரம் அந்த ஊர் இரவு 9-க்கு. இரண்டு ஊசிக்கும் நடுவே 33½ மணி நேரம்! கடைசி ஒன்பதரை மணி நேரம் இன்சுலின் இல்லாமல் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும்.

அணைக்காமல் ஃப்ளைட் மோடில் மட்டும் வைத்திருந்தால் கதை மாறும். நெட்வொர்க் கிடைக்காத ஃபோன் பொதுவாகப் புறப்பட்ட ஊர் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். வானத்தில் இருக்கும்போதே இந்திய நேரம் 9-க்கு அலாரம் அடிக்கும், அம்மாவும் சரியாகப் போட்டுக்கொள்வார். இறங்கியதும் ஃபோன் நியூயார்க் நேரத்துக்கு மாறும், அங்கே இரவு 9-க்கு மறுபடி அடிக்கும். வானத்தில் ஊசி போட்டு ஒன்பதரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். இது முந்தையதைவிட மோசம். தூக்கக் கலக்கத்தில், சரியாகச் சாப்பிடாத உடம்பில் இரண்டு ஊசி சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரை போகலாம். ஊருக்குத் திரும்பும்போதும் இதே ஆபத்து உண்டு. நியூயார்க் இரவு 9-க்கும் அடுத்து வரும் இந்திய இரவு 9-க்கும் இடைவெளி 14½ மணி நேரம்தான்.

அதனால் இன்சுலினுக்கு இந்திய நேரத்தில் நிலையான நினைவூட்டல் வையுங்கள், பழைய அலாரத்தை அழித்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் இரண்டும் அடிக்கும். போய்ச் சேர்ந்தபின் காலை 11:30-க்கே தொடர்வதா, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி இரவுக்குக் கொண்டுபோவதா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வலிப்புக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை போடுகிறவர்களும் இதையே கேட்க வேண்டும். ஊசியைக் கைப்பையில் வையுங்கள். லக்கேஜில் போட்டால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. துபாய் ஒன்றரை மணி, தோஹா இரண்டரை மணி பின்னால், அவ்வளவுதான்.

நிலையான நேரத்திலும் ஒரு குழி உண்டு: எந்த ஊரில் நிலைத்தது? அம்மா ஊர் திரும்பிய பிறகு, மகள் அங்கிருந்தே பகிர்ந்த காலண்டரில் தினமும் காலை 11:30 என்று போட்டு வைப்பாள். அந்த நிகழ்வு நியூயார்க் நேரத்தோடு கட்டியது. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அன்று முதல் மார்த்தாண்டத்தில் நினைவூட்டல் இரவு 10-க்கு வரும். யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். நிகழ்வை உருவாக்கும்போதே நேர மண்டலத்தை India Standard Time - Kolkata என்று மாற்றிவிட்டால் இந்த வம்பு இல்லை.

மருந்துக்கென்று தனி ஆப் வைத்திருந்தால் அது எந்த வகை என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஃபோனின் Date & time அமைப்பில் தானியங்கி நேர மண்டலத்தை நிறுத்தி, நியூயார்க்கைத் தேர்ந்தெடுத்து ஆப்பைத் திறங்கள். இரவு 9 என்றே நின்றால் மிதக்கிறது, காலை 11:30 (குளிர்காலத்தில் 10:30) என்று மாறினால் நிலையானது. மணியைக் கையால் திருத்திச் சோதிக்காதீர்கள், மண்டலத்தை மட்டும் மாற்றுங்கள். மணியைத் திருத்தினால் ஃபோனின் அடிப்படை நேரமே தவறாகி, ஆப் காட்டுவதும் பொய்யாகிவிடும். பார்த்து முடித்ததும் தானியங்கியை மறுபடி போட்டுவிடுங்கள்.