வெப்சைட் பில்டர் திட்டத்தை ரத்து செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு நிறுவனங்களின் இணையதளங்களை வெப்சைட் பில்டர் சேவைகளிலிருந்து சொந்த ஹோஸ்டிங்குக்கு மாற்றித் தருவது என் தொழில். இந்த வேலையைப் புதிதாகத் தாங்களே செய்து பார்க்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். பேக்கப் எடுக்க வேண்டும், பாஸ்வேர்டைக் குறித்துவைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்ததே என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பில்டர் நிறுவனத்துக்கு நாம் கட்டும் பணத்துக்குள் மூன்று தனித்தனிச் சேவைகள் இருக்கலாம்: பக்கங்களை வைத்திருப்பது, டொமைனின் தளமும் மின்னஞ்சலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருப்பது, டொமைனையே நம் பெயரில் பதிவு செய்து வைத்திருப்பது. ரத்து செய்கிறவர் முதலாவதை மட்டுமே மனத்தில் வைத்திருக்கிறார்.

## நேம்சர்வரை மாற்றிவிட்டு மின்னஞ்சலை மறப்பது

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான், ஏனென்றால் இது நடந்த அன்று எல்லாமே சரியாக இருப்பதாகத் தோன்றும்.

கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டொமைனை ஒரு பதிவாளரிடம் வாங்கியிருந்தார்கள். தளம் பில்டரில் இருந்தது. மின்னஞ்சல் கூகுள் ஒர்க்ஸ்பேஸில் இருந்தது. தளத்தைத் தொடங்கிய நாளில் பில்டர் சொன்னபடி, டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வரான நேம்சர்வரைப் பில்டருடையதாக மாற்றியிருந்ததால், மின்னஞ்சல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவும் பில்டரின் டிஎன்எஸ் பக்கத்திலேயே இருந்தது. பின்னர் உரிமையாளரின் மகன் வேர்ட்பிரஸில் புதிய தளம் அமைத்து, ஹோஸ்டிங் நிறுவனம் அனுப்பிய வரவேற்பு மின்னஞ்சலில் கண்ட நேம்சர்வர்களைப் பதிவாளரிடம் இட்டு, பில்டர் திட்டத்தை ரத்து செய்துவிட்டார். புதிய தளம் அழகாகத் திறந்தது.

ஆனால் புதிய நேம்சர்வரில் கூகுளின் எம்எக்ஸ் பதிவு இல்லை. பல ஹோஸ்டிங் சேவைகள் செய்வதுபோல, அங்கே தானாக உருவான எம்எக்ஸ் பதிவு அந்த ஹோஸ்டிங் சர்வரையே காட்டியது. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் அனுப்பியவர்களுக்கு அப்படி ஒரு முகவரியே இல்லை என்ற பதில் திரும்பிப் போயிற்று. வாடிக்கையாளர் ஒருவர் நிறுவனத்தை மூடிவிட்டீர்களா என்று வாட்ஸ்அப்பில் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நான் தொலைபேசியில் கேட்டபோது, "மெயில் நல்லாத்தான் வருதுங்க அண்ணா, நானும் அக்கவுண்டன்ட்டும் மாத்தி மாத்தி அனுப்பிப் பாத்துட்டோம்" என்றார் மகன். அவர் சொன்னது உண்மைதான். ஒரே ஒர்க்ஸ்பேஸ் கணக்குக்குள் இருக்கும் இருவர் அனுப்பிக்கொள்ளும் மின்னஞ்சலைக் கூகுள் உள்ளுக்குள்ளேயே சேர்த்துவிடுகிறது. எம்எக்ஸ் பதிவைத் தேடிப் போவதில்லை. ஆகவே அலுவலகத்துக்குள் செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது. இதோடு, அனுப்புநர் உண்மையானவர் என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளும் போய்விட்டதால், அவர்கள் வெளியே அனுப்பியவற்றில் பல ஸ்பேமில் விழுந்துகொண்டிருந்தன.

இதைத் தவிர்ப்பதற்கான வழி கடினமானதல்ல. எதையும் தொடுவதற்கு முன்பு, இப்போது டிஎன்எஸ் யாரிடம் இருக்கிறது என்று டெர்மினலில் dig கட்டளையால் பாருங்கள், example.com என்ற இடத்தில் உங்கள் டொமைனை இடுங்கள்:

```
dig +short NS example.com
dig +short MX example.com
dig +short TXT example.com
```

முதல் வரிக்கு வரும் விடையில் பில்டரின் பெயர் இருந்தால், உங்கள் டிஎன்எஸ் பதிவுகள் அதனிடம்தான் இருக்கின்றன என்று பொருள். அப்படியானால் பில்டரின் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து, அங்குள்ள ஒவ்வொரு வரியையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டளையை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது: டிகேஐஎம் பதிவு `google._domainkey` போன்ற தனிப் பெயரில் இருக்கும், அந்தப் பெயரைத் தெரிந்து கேட்டால்தான் விடை வரும். துணை டொமைன்களும் அப்படித்தான்.

பிறகு டிஎன்எஸ்ஸுக்குப் புதிய இடத்தை முடிவு செய்யுங்கள். என் பரிந்துரை, பதிவாளரின் டிஎன்எஸ் அல்லது ஹோஸ்டிங்கோடு தொடர்பில்லாத தனி டிஎன்எஸ் சேவை. அடுத்த முறை ஹோஸ்டிங்கை மாற்றும்போது மின்னஞ்சலைத் தொட வேண்டிய அவசியமே வராது. அங்கே எல்லாப் பதிவுகளையும் முதலில் இட்டுவிட்டு, தளத்துக்கான ஏ பதிவையும் www பதிவையும் மட்டும் புதிய ஹோஸ்டிங்கைக் காட்டும்படி மாற்றுங்கள். நேம்சர்வரை மாற்றுவதற்கு முன்பே, ns1.example.net என்ற இடத்தில் புதிய நேம்சர்வரின் பெயரை இட்டு, புதிய இடத்தை நேரடியாகக் கேட்டுப் பார்க்கலாம்:

```
dig @ns1.example.net +short MX example.com
```

இதற்கு வரும் விடை பழைய விடையோடு ஒத்துப்போனால் மட்டுமே பதிவாளரிடம் நேம்சர்வரை மாற்றுங்கள். டிஎன்எஸ் பதில்கள் போலியானவை அல்ல என்று கையொப்பத்தால் உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் இயக்கத்தில் இருந்தால் அதற்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் தளமும் மின்னஞ்சலும் பலருக்குச் சேர்ந்தே நின்றுபோகும். .com டொமைன்களுக்கு நேம்சர்வர் தகவலை மற்ற சர்வர்கள் 172800 விநாடிகள், அதாவது 2 நாட்கள் வரை நினைவில் வைத்திருக்கலாம். அந்தக் காலத்தில் சிலர் இன்னும் பழைய நேம்சர்வரையே கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால், மாற்றிய அன்றே பில்டர் திட்டத்தை ரத்து செய்யக்கூடாது. கடைசிச் சோதனையை வெளியிலிருக்கும் வேறொரு மின்னஞ்சல் கணக்கிலிருந்து செய்யுங்கள்.

## படங்களைக் கொண்டுவந்துவிட்டதாக நம்புவது

ஸ்குவேர்ஸ்பேஸ் போன்ற சில சேவைகள் வேர்ட்பிரஸுக்கான எக்ஸ்எம்எல் கோப்பைத் தருகின்றன. விக்ஸ் தளத்தை முழுதாக வெளியே எடுத்து வேறிடத்தில் நடத்த வழியில்லை. எக்ஸ்எம்எல் கோப்பு கிடைத்தாலும் அதற்குள் இருப்பது எழுத்தும், படங்களின் முகவரிகளும்தான், படங்கள் அல்ல. வேர்ட்பிரஸில் இறக்குமதி செய்யும்போது `Download and import file attachments` என்ற பெட்டியைத் தேர்வு செய்யாவிட்டால், புதிய தளம் படங்களைப் பழைய நிறுவனத்தின் சர்வரிலிருந்தே காட்டிக்கொண்டிருக்கும். திட்டம் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் வித்தியாசம் தெரியாது; அதன் பிறகு எந்த நாளிலும் அவை மறையலாம். பெட்டியைத் தேர்வு செய்திருந்தாலும் சரிபார்த்துவிடுவது நல்லது. ஒரு படத்தை வலது சொடுக்கிப் புதிய தாவலில் திறந்து, முகவரியில் உங்கள் டொமைன் இருக்கிறதா என்று பாருங்கள். மூலப் படங்கள் கையில் இல்லையென்றால், பில்டரின் மீடியா பகுதியிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலிருந்து சேமிக்கும் படம் பெரும்பாலும் அளவு குறைக்கப்பட்டதாகவே இருக்கும்.

## பழைய பக்க முகவரிகளைக் கைவிடுவது

பழைய முகவரி ஒவ்வொன்றையும், பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லும் 301 திருப்பிவிடுதல் மூலம் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுங்கள்.

## தளம் இல்லாத டொமைனைப் பழைய இடத்தையே காட்டும்படி விடுவது

புதிய தளமே வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஏ பதிவையும் www பதிவையும் நீக்கிவிட்டு, எம்எக்ஸ் பதிவையும், எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகியவற்றைக் கொண்ட டிஎக்ஸ்டி பதிவுகளையும் மட்டும் வைத்துக்கொண்டால் மின்னஞ்சல் தொடரும். பில்டரை நோக்கியே விட்டுவைத்தால், சில சேவைகளில் வேறொருவர் அதே டொமைனைத் தன் கணக்கில் இணைத்து, உங்கள் பெயரில் தன் பக்கத்தைக் காட்ட வாய்ப்பு உண்டு.

## டொமைன் பதிவும் பில்டரிடமே இருப்பது

ஆண்டுத் திட்டத்தோடு முதல் வருடம் இலவசமாகக் கிடைத்த டொமைன் என்றால் பெரும்பாலும் இந்த நிலைதான். திட்டத்தின் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தும்போது டொமைனின் புதுப்பித்தலையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். காலாவதியான .com டொமைன் நீக்கப்பட்ட பிறகு 30 நாட்கள் மீட்புக் காலம் உண்டு என்றாலும், அதற்கான கட்டணம் வழக்கமான புதுப்பித்தலைவிட மிக அதிகம். அதன் பின் மேலும் 5 நாட்கள் கழிந்ததும் யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம்.

வேறு பதிவாளரிடம் மாற்றுவதென்றால் அங்கீகாரக் குறியீட்டைப் பெற வேண்டும். புதிதாகப் பதிவு செய்த முதல் 60 நாட்களுக்குள் பொதுவாக மாற்ற முடியாது. இடமாற்றம் முடிந்தாலும் நேம்சர்வர் வரிகள் தாமாக மாறுவதில்லை. டொமைன் தங்களைவிட்டுப் போனதும் பில்டர் அந்தப் பதிவுகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்தக்கூடும் என்பதால், முதலில் டிஎன்எஸ்ஸைத் தனி டிஎன்எஸ் சேவைக்கோ புதிய ஹோஸ்டிங்குக்கோ கொண்டுபோய், அது வேலை செய்வதைப் பார்த்துவிட்டுப் பிறகு டொமைனை மாற்றுங்கள். மாற்றம் முடிந்த செய்தி புதிய பதிவாளரிடமிருந்து வரும்வரை டொமைனின் தானியங்கிப் புதுப்பித்தல் இயக்கத்திலேயே இருக்கட்டும்.