சிசிஐ கையால் கணக்கிடுவது எப்படி? +100, −100 எதைச் சொல்கின்றன?

விலை தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் சிசிஐ, அதாவது கமாடிட்டி சேனல் இண்டெக்ஸ் என்ற குறிகாட்டியை டொனால்ட் லாம்பர்ட் 1980-ல் கமாடிட்டி சந்தைக்காக உருவாக்கினார். இன்று பங்குகளுக்கும் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். சார்ட்டில் `CCI` என்று தட்டினாலே கோடு வந்துவிடும். ஆனால் அந்தக் கோடு +100-ஐத் தாண்டும்போது விலையில் என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால், ஒரு முறையாவது கையால் கணக்குப் போட வேண்டும். வழக்கமாக 14 அல்லது 20 நாள் எடுப்பார்கள். நாம் 5 நாள் எடுப்போம். கணக்கு எளிதாக இருக்க விலைகளை நானே வைத்திருக்கிறேன்.

படி 1: அன்றைய பொது விலை

ஒரு நாளின் உச்ச விலை, குறைந்த விலை, முடிவு விலை மூன்றையும் கூட்டி 3-ஆல் வகுக்க வேண்டும். முடிவு விலையை மட்டும் பார்த்தால், பகலில் விலை எங்கெல்லாம் போய் வந்தது என்பது விட்டுப்போகும்.

| நாள் | உச்சம் | குறைவு | முடிவு | பொது விலை |
|---|---|---|---|---|
| 1 | 102 | 98 | 100 | 100 |
| 2 | 104 | 99 | 103 | 102 |
| 3 | 103 | 99 | 101 | 101 |
| 4 | 106 | 101 | 105 | 104 |
| 5 | 110 | 105 | 109 | 108 |

படி 2: சராசரி

ஐந்து பொது விலைகளின் கூட்டுத்தொகை 515. சராசரி 103.

படி 3: சராசரி விலக்கம்

ஒவ்வொரு பொது விலையும் 103-லிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். மேலா, கீழா என்பது இங்கே வேண்டாம், தூரம் மட்டும் போதும்: 3, 1, 2, 1, 5. கூட்டினால் 12, ஐந்தால் வகுத்தால் 2.4.

பலரும் தவறுவது இந்தப் படியில்தான். ஐந்து நாளுக்கும் இன்றைய சராசரியான 103-ஐயே வைத்துக் கழிக்க வேண்டும். அந்தந்த நாளில் இருந்த சராசரியை வைத்துக் கழித்தால் விடை மாறிவிடும். பள்ளியில் படித்த திட்ட விலக்கமும் இதுவும் வேறு வேறு. இங்கே வர்க்கமும் இல்லை, வர்க்கமூலமும் இல்லை.

படி 4: சிசிஐ

இன்றைய பொது விலையிலிருந்து சராசரியைக் கழித்தால் 5. அதை 0.015 × 2.4, அதாவது 0.036-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 139.

எக்செல்லில் முதல் வரிசை தலைப்பு, B, C, D நெடுவரிசைகளில் மூன்று விலைகள் என்று வைத்துக்கொண்டால்:

```
E2: =(B2+C2+D2)/3
F6: =AVERAGE(E2:E6)
G6: =AVEDEV(E2:E6)
H6: =(E6-F6)/(0.015*G6)
```

E2-வை E6 வரை கீழே இழுத்துவிடுங்கள். விடையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. 5 நாள் கணக்கில் சிசிஐ 167-ஐத் தாண்ட முடியாது, 20 நாளில் 667-ஐத் தாண்ட முடியாது. அதற்கு மேல் வந்தால் சூத்திரத்தில் எங்கோ பிழை இருக்கிறது.

படி 5: 100 என்றால் என்ன?

0.015-ஐ 100-ஆல் பெருக்கினால் 1.5. ஆக, +100 என்றால் இன்றைய விலை, சராசரிக்கு மேலே, சராசரி விலக்கத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் இருக்கிறது. −100 என்றால் அதே தூரம் கீழே. நம் கணக்கில் 5-ஐ 2.4-ஆல் வகுத்தால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வருகிறது, அதனால்தான் 139. பெரும்பாலான நாட்கள் இந்த இரண்டு கோடுகளுக்குள் அடங்க வேண்டும் என்றே லாம்பர்ட் 0.015-ஐத் தேர்ந்தெடுத்தார்.

சரி, ஆறாம் நாளையும் சேர்ப்போம். உச்சம் 110, குறைவு 106, முடிவு 108. பொது விலை மறுபடியும் 108. முதல் நாள் கழன்றுவிடுவதால் சராசரி 104.6 ஆகிறது, சராசரி விலக்கம் 2.72 ஆகிறது. சிசிஐ 83. பொது விலை அப்படியே இருக்க, சிசிஐ மட்டும் 139-லிருந்து +100-க்குக் கீழே வந்துவிட்டது. சராசரி மேலேறி வந்து விலையை நெருங்கியதுதான் முக்கியக் காரணம். கோடு இறங்கினால் விலையும் இறங்கியது என்று நினைக்கக் கூடாது.

படி 6: எப்படி வாசிப்பது?

லாம்பர்ட் சொன்ன முறையில் +100-ஐ மேல்நோக்கித் தாண்டுவது ஏற்றம் வலுப்பதன் அடையாளம். அங்கே வாங்கி, மறுபடி +100-க்குக் கீழே வரும்போது வெளியேற வேண்டும். −100-க்குக் கீழே இதையே தலைகீழாக, விற்பனைப் பக்கம் செய்ய வேண்டும். பிற்பாடு நேர் எதிரான வாசிப்பும் பரவியது: +100-க்கு மேல் போனால் ஓவர்பாட், அதாவது விலை அளவுக்கு மீறி ஏறிவிட்டது, விற்கலாம்; −100-க்குக் கீழ் போனால் ஓவர்சோல்ட், அதாவது அளவுக்கு மீறி இறங்கிவிட்டது, வாங்கலாம்.

எதை எடுப்பது என்று சிசிஐ சொல்லாது, விலை வரைபடம்தான் சொல்லும். விலை ஒரே உச்சத்துக்கும் ஒரே அடிக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தால் இரண்டாவது வாசிப்பு பொருந்தும். உச்சங்களும் அடிகளும் படிப்படியாக உயர்ந்துகொண்டே போனால், +100-ஐப் பார்த்து விற்பவர் ஏற்றத்தின் நடுவிலேயே இறங்கிவிடுவார். அங்கே நான் லாம்பர்ட் பக்கம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விலை பல நாள் அசையாமல் கிடந்தால் சராசரி விலக்கம் மிகச் சிறியதாகிவிடும். அப்போது 20 நாள் கணக்கில் ஐம்பது பைசா நகர்வுகூட சிசிஐ-யை 200-க்குத் தூக்கிவிடும். அதனால் +100 தாண்டிய நாளில் G நெடுவரிசையையும் பாருங்கள். அந்த எண் வழக்கத்தைவிட மிகவும் குறைவாக இருந்தால், ஒரு நாள் பொறுத்து, விலையும் நகர்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.